மொத்த லாபம் 40 சதவீதம், பிறகு ஏன் கையில் நிற்கவில்லை?

கேள்வி: கோபாலபுரம் பக்கம் தேங்காய் நார் மில் ஒன்றில் இப்போதுதான் ஆபரேஷன்ஸ் மேனேஜர் ஆனேன். கிராஸ் மார்ஜின் 40 சதவீதம் என்கிறார் முதலாளி. லாபம் பெரிதாக இல்லை என்கிறார் ஆடிட்டர். யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரிதான். ஒரு மாதக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விற்பனை 10 லட்சம். மட்டை வாங்கியது 4 லட்சம், மெஷினிலும் களத்திலும் வேலை செய்தவர்கள் கூலி 1.5 லட்சம், மெஷின் ஓடிய கரண்ட் 50 ஆயிரம். நாரைத் தயாரிக்கவே ஆன இந்த 6 லட்சத்தைக் கழித்தால் மீதி 4 லட்சம். முதலாளி சொல்லும் 40 சதவீதம் இதுதான்.

அப்புறம் ஆபீஸ் சம்பளமும் வாடகையும் 1.5 லட்சம், சரக்கு அனுப்பும் லாரி வாடகை 1 லட்சம், பேங்க் வட்டி 60 ஆயிரம், மெஷின் தேய்மானம் 40 ஆயிரம். எல்லாம் போக நிற்பது 50 ஆயிரம். அதிலும் வருமான வரி போன பிறகு மிஞ்சுவதே நிகர லாபம்.

இப்போது மட்டை விலை 10 சதவீதம் ஏறுகிறது, நார் விலையை ஏற்ற முடியவில்லை என்று வையுங்கள். செலவு 40 ஆயிரம் கூடும். மார்ஜின் 36 சதவீதம்தானே, பரவாயில்லை என்று தோன்றும். ஆனால் வரிக்கு முந்தைய அந்த 50 ஆயிரம் வெறும் 10 ஆயிரமாகிவிடும்!

அதனால் மாதாமாதம் மார்ஜின், நிகர லாபம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மார்ஜினே இறங்கினால் மட்டை விலை, ஒரு லோடு மட்டைக்குக் கிடைத்த நார், கூலி என்று உங்கள் பக்கம் தேடுங்கள். மார்ஜின் அப்படியே இருந்து நிகர லாபம் மட்டும் குறைந்தால், லாரி பில்லையும் வட்டியையும் முதலில் கேளுங்கள்.