எட்டு மாதச் சம்பளமும் பன்னிரண்டு மாதத் தவணையும்

கேள்வி: எனக்கு வயது 27. கிளப் கால்பந்தில் டிஃபெண்டராக ஆடுகிறேன். சீசன் எட்டு மாதம். ரிடெய்னர் என்கிற நிலையான சம்பளம் மாதம் 45,000. பிளேயிங் லெவனில் இருந்தால் மேட்சுக்கு 5,000, பெஞ்சில் இருந்தால் 2,000. அக்கா வீட்டுக்காரர் சரக்கு வண்டி வாங்க என் பெயரில் 9 லட்சம் பர்சனல் லோன் எடுத்துக் கொடுத்தேன். 14 சதவீத வட்டி, ஐந்து வருடம், தவணை 21,000. 14 தவணை கட்டியாயிற்று. வீட்டுக்கு மாதம் 20,000 அனுப்புகிறேன். போன சீசனில் கணுக்கால் காயத்தால் 11 மேட்ச்தான் ஆடினேன், 5 மேட்ச் பெஞ்ச். சீசன் இல்லாத மாதங்களைக் கிரெடிட் கார்டில் ஓட்டினேன். இப்போது மாமா இரண்டாவது வண்டிக்கு 6 லட்சம் டாப்-அப் லோன் போடச் சொல்கிறார். கான்ட்ராக்ட் இன்னும் ஒரு சீசன் இருக்கிறது. வங்கியில் மாதம் 5,000 கட்டும் 15 வருட சேமிப்புப் பாலிசி ஒன்றையும் சொல்கிறார்கள். என்ன செய்யட்டும்?

பதில்: டாப்-அப் வேண்டாம். பாலிசியும் வேண்டாம். முதலாவதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கணுக்கால் காயத்தால் பணம் இடித்தது என்று நினைக்கிறீர்கள். கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. போன வருடம் ரிடெய்னர் 3 லட்சத்து 60 ஆயிரம், மேட்ச் ஃபீ 65 ஆயிரம், ஆக 4 லட்சத்து 25 ஆயிரம் வந்தது. தவணைக்கு 2 லட்சத்து 52 ஆயிரம், வீட்டுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் என்று 4 லட்சத்து 92 ஆயிரம் போனது. உங்கள் கைச்செலவை இதில் சேர்க்கவே இல்லை. சரி, காயமே படவில்லை, சீசனில் 24 மேட்ச், அத்தனையிலும் லெவனில் ஆடினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் வரவு 4 லட்சத்து 80 ஆயிரம்தான். ஒரு மேட்ச் விடாமல் ஆடியிருந்தாலும் துண்டு விழுந்திருக்கும். தவணையை முடிவு செய்த அன்றே தவறு நடந்துவிட்டது.

அன்று நீங்கள் மனதில் வைத்தது சீசன் நடுவில் வங்கிக் கணக்கில் விழும் தொகை. 45 ஆயிரத்தோடு நான்கு மேட்ச் ஃபீ சேர்ந்தால் 65 ஆயிரம், அதில் 21 ஆயிரம் பெரிய விஷயமில்லை என்று தோன்றியிருக்கும். கிளப் வீரர்கள் பலரிடம் நான் பார்க்கும் பழக்கம் இதுதான். உங்கள் உண்மையான மாதச் சம்பளம் 30,000. எட்டு மாத ரிடெய்னரைப் பன்னிரண்டால் வகுத்தால் வருவது அவ்வளவுதான். மேட்ச் ஃபீ சம்பளம் அல்ல. கோச் உங்கள் இடத்தில் வேறொருவரை நிறுத்தினாலோ, தொடைத் தசை பிடித்துக்கொண்டாலோ, இரண்டு மஞ்சள் அட்டை வாங்கினாலோ அது நின்றுவிடும். அதை நம்பி எந்த நிலையான செலவையும் வைத்துக்கொள்ளக் கூடாது.

இப்போது மாமா கேட்பதைப் பார்ப்போம். நீங்கள் 14 தவணையாக 2 லட்சத்து 94 ஆயிரம் கட்டியிருக்கிறீர்கள். அசலில் குறைந்தது ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேல்தான், மற்றது வட்டிக்குப் போயிற்று. பாக்கி ஏறத்தாழ 7 லட்சத்து 40 ஆயிரம் நிற்கிறது. அதன் மேல் 6 லட்சம் போட்டால் 13 லட்சத்து 40 ஆயிரம். அதே வட்டியில் ஐந்து வருடத்துக்கு மாதம் 31 ஆயிரம் சொச்சம் வரும். வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள், 3 லட்சத்து 74 ஆயிரம். உங்கள் முழு வருட ரிடெய்னரை விட அதிகம்! வங்கியில் ஏழு வருடமாக நீட்டித் தருகிறோம், தவணை 25 ஆயிரம்தான் என்பார்கள். அந்தக் கடைசித் தவணை கட்டும்போது உங்களுக்கு 34 வயது. ஒரு கிளப் டிஃபெண்டரை 34 வயதில் யார் ரிடெய்னர் கொடுத்து வைத்திருப்பார்கள் என்று நீங்களே உங்கள் டிரெஸ்ஸிங் ரூமில் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமா மோசமானவர் என்று நான் சொல்லவில்லை. முதல் வண்டி நன்றாக ஓடியிருந்தால் அந்த வருமானத்தில் இரண்டாவது வண்டிக்கு அவர் பெயரிலேயே கடன் கிடைத்திருக்கும். உங்கள் பெயர் தேவைப்படுவதிலிருந்தே முதல் வண்டி எவ்வளவு சம்பாதிக்கிறது என்று ஊகிக்கலாம். 14 மாதத்தில் அவர் உங்களுக்கு எவ்வளவு திருப்பிக் கொடுத்தார் என்று கடிதத்தில் ஒரு வரி கூட இல்லை. நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

இந்த மாதமே கேளுங்கள். அக்காவையும் உட்கார வைத்துக்கொண்டு பேசுங்கள். "மாமா, கான்ட்ராக்ட் ஒரு சீசன்தான் இருக்கு, தவணையில் மாதம் 10 ஆயிரம் உங்க கணக்கிலிருந்து நேரா வரணும்" என்று சொன்னால் போதும். தேதி குறித்து, வங்கி வழியாக வர வேண்டும். கையில் தருகிறேன் என்பதை ஏற்காதீர்கள். மூன்று மாதம் தவறாமல் வந்தால் ஏற்பாடு தொடரட்டும். வரவில்லை என்றால் வண்டியை விற்றாக வேண்டும். அதற்கு முன் வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். கடன் உங்கள் பெயரிலும் வண்டி அவர் பெயரிலும் இருந்தால், விற்பதற்கு அவர் கையெழுத்து வேண்டும். மூன்று மாதம் கழித்து மனக்கசப்பு வந்த பிறகு அதைக் கேட்பதைவிட இப்போதே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

வண்டி 5 லட்சத்துக்குப் போகிறது என்று வைப்போம். அதை அப்படியே கடனில் கட்டினால் பாக்கி 2 லட்சத்து 40 ஆயிரம். முன்கூட்டிக் கட்டுவதற்கு அபராதம் உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே ஒரு தேர்வு இருக்கிறது. மாதச் சம்பளக்காரர் கேட்டால், தவணையைக் குறைக்காதே, காலத்தைக் குறை, வட்டி மிச்சம் என்பேன். உங்களுக்கு நேர் எதிராகச் சொல்கிறேன். காலம் அப்படியே இருக்கட்டும், தவணையைக் குறைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். மீதி 46 மாதத்துக்குத் தவணை 6,800 அளவில் வரும். கையில் பணம் இருக்கும்போது நீங்களாக அசலில் கட்டலாம். இல்லாத மாதத்தில் 6,800 எப்படியும் சமாளிக்கக்கூடியது, 21 ஆயிரம் அப்படி அல்ல. வட்டியில் கொஞ்சம் கூடுதலாகப் போகும், வரவு நிச்சயமில்லாதவருக்கு அது கொடுக்கத் தகுந்த விலை.

வீட்டுக்கு அனுப்புவதையும் 15 ஆயிரமாகக் குறைக்க வேண்டியிருக்கும். அப்போது 30 ஆயிரத்தில் தவணையும் வீடும் போக 8 ஆயிரம் சொச்சம் உங்களுக்கு மிஞ்சும். சீசனில் தங்குமிடமும் சாப்பாடும் கிளப் தருகிறது என்றால் தாராளமாகவே போதும். வண்டியை விற்காமல் மாமா 10 ஆயிரம் கொடுத்துவந்தாலும் கணக்கு தேறும், ஆனால் உங்கள் கைக்கு 4 ஆயிரம்தான் நிற்கும்.

மேட்ச் ஃபீ முழுவதும் தனிக் கணக்கில் விழட்டும். அதற்கு ஏடிஎம் கார்டே வாங்காதீர்கள். அதிலிருந்து முதலில் கிரெடிட் கார்டு பாக்கியை அடைத்துவிடுங்கள், உங்கள் கடன்களில் வட்டி அதிகமானது அநேகமாக அதுதான். அடுத்தது மூன்று மாதத் தவணையும் வீட்டுச் செலவும் சேர்த்து வையுங்கள். அதன் பிறகுதான் அசல். பிடித்தம் செய்யப்படாத வரி ஏதும் பின்னால் வருமா என்று கிளப் கணக்கரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, அந்தப் பங்கை இதில் ஒதுக்கி வையுங்கள்.

மூன்று மாதம் என்று சொல்வதற்குக் காரணம் காயம் மட்டுமல்ல. வீரர்களின் சர்வதேச சங்கமான ஃபிஃப்ப்ரோ 2016-ல் வெளியிட்ட ஆய்வில், பதில் சொன்ன தொழில்முறைக் கால்பந்து வீரர்களில் 41 சதவீதம் பேருக்கு முந்தைய இரண்டு சீசன்களில் சம்பளம் தாமதமாகியிருந்தது. உங்கள் கான்ட்ராக்ட் எழுத்தில் உள்ள தொழில்முறை ஒப்பந்தம் என்றால் ஃபிஃபா விதியில் ஒரு வழி இருக்கிறது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி நின்றால், கொடுக்க 15 நாள் அவகாசம் தந்து கிளப்புக்கு எழுத்தில் நோட்டீஸ் அனுப்பலாம். அப்படியும் வராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள அது நியாயமான காரணம். ஆனால் அந்த இரண்டு மாதமும் பதினைந்து நாளும் உங்கள் தவணைத் தேதி காத்திருக்காது.

இதனால்தான், பன்னிரண்டு மாதமாகப் பிரித்துத் தருகிறோம் என்று கிளப் சொன்னாலும் உடனே தலையாட்டாதீர்கள். ஆடி முடித்த சம்பளத்தில் நான்கு மாதத்துக்கான பங்கு கிளப் கையில் நிற்கும், அதாவது நீங்கள் கிளப்புக்குக் கடன் கொடுக்கிறீர்கள். நேரத்துக்குப் பணம் தரும் கிளப் என்றால் பரவாயில்லை. தாமதப்படுத்தும் பழக்கம் உள்ள இடம் என்றால் எட்டு மாதத்தில் வாங்கி நீங்களே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாலிசி விஷயத்துக்கு வருகிறேன். 15 வருடம் கட்டினால் உங்களுக்கு 42 வயது ஆகும். இடையில் நிறுத்தினால் இவ்வகைத் திட்டங்களில் முதல் சில வருடங்களில் கட்டியதில் ஒரு பகுதி திரும்பாது. சக வீரர்கள் யாராவது கிரிப்டோ பற்றிச் சொன்னாலும் இதே பதில்தான். உங்களுக்கு வேண்டிய காப்பீடு வேறு, காயத்தால் வருமானம் நின்றால் பணம் தருவது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல விபத்துக் காப்பீடுகளில் தொழில்முறை விளையாட்டில் ஏற்படும் காயம் விலக்குப் பட்டியலில் இருக்கும். வாங்கும் முன் அந்தப் பக்கத்தைப் படியுங்கள். கிளப் எடுத்திருக்கும் காப்பீடு கான்ட்ராக்ட் முடிந்த மறுநாளும் செல்லுமா என்றும் கேளுங்கள். முழங்காலில் ஏசிஎல் என்ற தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்தால் களத்துக்குத் திரும்பப் பொதுவாக ஒன்பது மாத அளவில் ஆகும், அது உங்கள் ஒரு சீசனை விட நீளம்.

அடுத்த கான்ட்ராக்ட் பேச உட்காரும்போது மேட்ச் ஃபீயை 5,000-லிருந்து 7,000 ஆக்குவதில் மட்டும் கவனத்தை வைக்காதீர்கள். காயத்தில் இருக்கும்போது ரிடெய்னர் எத்தனை வாரம் முழுதாக வரும், அதற்குப் பிறகு பாதியா, ஒன்றுமே இல்லையா என்ற வரி அதைவிட முக்கியம். இன்னொரு வருடம் நீட்டிக்கும் உரிமை கிளப்புக்கு மட்டும் எழுதப்பட்டிருந்தால் அதை உறுதியான வருடமாக எண்ணாதீர்கள். கையெழுத்தான கடைசிச் சீசனின் முடிவுத் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டும் புதுக் கடன் எதிலும், யார் கேட்டாலும், உங்கள் பெயர் இருக்கக் கூடாது.