வணிகக் கட்டடத்தில் பங்கு: உள்ளே போவது சுலபம், வெளியே வருவது? - கேள்வி பதில்

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: சார், ஆன்லைனில் 25 லட்சம் போட்டால் ஐடி பார்க் கட்டடத்தில் எனக்கும் பங்கு என்கிறார்கள். பத்திரம் என் பெயரில் வருமா?

பெரும்பாலும் வராது அம்மா. வழக்கமான ஏற்பாட்டில் ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனியாக ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி தொடங்குவார்கள். கிரயப் பத்திரம் அந்தக் கம்பெனி பெயரில் பதிவாகும். உங்கள் 25 லட்சத்துக்கு அந்தக் கம்பெனியின் கொஞ்சம் பங்குகளும், மீதிக்கு சிசிடி என்ற கடன் பத்திரங்களும் கிடைக்கும். பின்னாளில் கட்டாயமாகப் பங்காக மாறியே ஆக வேண்டிய கடன் பத்திரம் அது. இப்படிச் செய்யக் காரணம் வரிதான். வாடகையைக் கம்பெனி லாபமாகக் காட்டி டிவிடெண்டாகக் கொடுத்தால் கம்பெனியும் வரி கட்டும், நீங்களும் கட்டுவீர்கள். வட்டியாகக் கொடுத்தால் கம்பெனிக்கு அது செலவு, உங்கள் கையில் மட்டும் வரி.

பிரைவேட் கம்பெனியில் 200 உறுப்பினர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. குறைந்தபட்சத் தொகை பத்து லட்சம், இருபத்தைந்து லட்சம் என்று இருப்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். யாராவது ஐயாயிரம், பத்தாயிரம் என்று ஆயிரக்கணக்கானவர்களிடம் வசூலித்து “இதுவும் கட்டடப் பங்குதான்” என்றால், எந்தச் சட்டத்தின் கீழ் வாங்குகிறீர்கள் என்று கேளுங்கள். பொதுமக்கள் பணத்தைத் திரட்டி ஒருவரே நிர்வகிக்கும் திட்டத்துக்குப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் பதிவு வேண்டும். ஆன்லைனில் கூட்டாக நிதி திரட்டிப் பங்கு தரும் முறை பற்றி செபி 2014-இல் ஒரு கலந்தாய்வு அறிக்கை வெளியிட்டது. அது விதியாக வரவில்லை. 2016-இல் இப்படிப்பட்ட தளங்கள் பற்றி எச்சரிக்கையே விட்டது.

கோவை, இயந்திர உதிரிபாக வியாபாரி: அண்ணா, என் கேஸ் அப்படி இல்லை. யுடிஎஸ், அதாவது பிரிபடாத பங்கு முறையில் கிரயம் என் பெயரிலேயே ஆகியிருக்கிறது. பிடிக்கவில்லை என்றால் கோர்ட்டில் பாகப்பிரிவினை கேட்டு வாங்கிவிடலாமே?

பாதி சரி தம்பி. பிரிபடாத பங்கை விற்க உங்களுக்கு உரிமை உண்டு, பாகப்பிரிவினை கேட்கவும் உரிமை உண்டு. ஆனால் மூன்றாவது மாடியில் முந்நூறு சதுரஅடியைச் சுவர் வைத்துப் பிரிக்க முடியுமா? பிரிக்க முடியாத சொத்தை முழுசாக விற்றுப் பணத்தைப் பங்கு போட நீதிமன்றம் உத்தரவிடலாம். 1893-ஆம் வருடத்துப் பாகப்பிரிவினைச் சட்டப்படி அதற்குப் பாதி அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டும். உங்களிடம் இருப்பது இரண்டு சதவீதம் என்றால் மற்றவர்களைத் திரட்ட வேண்டும், வழக்கும் வருடக்கணக்கில் ஓடும். கூடவே, கையெழுத்துப் போட்ட கூட்டு உடன்படிக்கையை எடுத்துப் பாருங்கள். பங்கை முதலில் மற்ற பங்குதாரர்களுக்கே தர வேண்டும், இத்தனை வருடம் பிரிவினை கேட்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கக்கூடும்.

சென்னை, ஐடி ஊழியர்: 5 வருடத்தில் விற்றுவிடுவோம், வாடகையும் விற்பனையும் சேர்த்து வருடத்துக்கு 14 சதவீத வருமானம், ஐஆர்ஆர், என்று ஸ்லைடில் போட்டிருக்கிறார்கள். நிஜத்தில் எவ்வளவு வரும்?

ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். ஓஎம்ஆரில் ஒரு மாடியின் விலை 40 கோடி, வருட வாடகை 3.4 கோடி. ஸ்லைடில் 8.5 சதவீத வருமானம் என்று வரும். ஆனால் தமிழ்நாட்டில் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், சேர்த்து 3.6 கோடி. பணம் திரட்டும் ஆன்லைன் தளத்தின் கமிஷன், வக்கீல், ஆய்வுச் செலவு 80 லட்சம், கையிருப்பு 60 லட்சம் என்று வைப்போம். ஆக முதலீட்டாளர்கள் போட்டது 45 கோடி. வருடா வருடம் ஒரு சதவீத நிர்வாகக் கட்டணம் கழித்தால் கைக்கு வருவது ஆறரை சதவீதத்தை ஒட்டி நிற்கும், அதுவும் உங்கள் வரிக்கு முன்.

இப்போது ஐந்தாம் வருட முடிவு. மூன்று வருடத்துக்கு ஒருமுறை 15 சதவீத உயர்வு என்ற வழக்கப்படி வாடகை 3.91 கோடி ஆகியிருக்கும். ஆனால் வாடகைதாரரின் ஒப்பந்தத்தில் மிச்சம் ஒரே வருடம். அவர் காலி செய்தால் பல மாதம் வாடகை இல்லாமல் கிடக்கும் என்று வாங்குகிறவர் பயப்படுவார், 9.5 சதவீதமாவது கிடைக்க வேண்டும் என்பார். 3.91-ஐ 9.5 சதவீதத்தால் வகுத்தால் 41 கோடிதான். புரோக்கர் கமிஷன் போக, கையிருப்பைச் சேர்த்தாலும் ஏறக்குறைய அதே தொகை. நீங்கள் போட்ட 25 லட்சம் 23 லட்சத்துக்குள் திரும்பும். வாடகை உயர்ந்தும், கட்டட விலை ஏறியும், அசலில் நஷ்டம். உள்ளே போகும்போது கொடுத்த பதிவுச் செலவே ஐந்து வருட உயர்வைத் தின்றுவிட்டது.

அதே வாடகைதாரர் ஒன்பது வருடத்துக்குப் புதுப்பித்திருந்தால் 8.25 சதவீதத்துக்கு வாங்க ஆள் வரலாம், விலை 47 கோடியைத் தாண்டும். ஆகவே ஸ்லைடில் நான் முதலில் தேடுவது ஐஆர்ஆரை அல்ல. வாடகைதாரர் காலி செய்ய முடியாத லாக்-இன் காலம் எப்போது முடிகிறது, விற்கப்போகும் வருடத்தில் ஒப்பந்தம் எவ்வளவு மிச்சம் இருக்கும், இந்த இரண்டுதான்.

அதே ஐடி ஊழியர்: தளத்தில் “ரீசேல்” பட்டன் இருக்கிறதே சார்?

அது அறிவிப்புப் பலகை மட்டும்தான். எதிர்ப்பக்கம் வாங்க ஆள் வர வேண்டும். பழைய கட்டடத்தின் பங்கை விற்பதைவிடப் புதுக் கட்டடத்துக்கு ஆள் பிடிப்பதில்தான் தளத்துக்கு அதிக வருமானம். முழுக் கட்டடத்தையும் விற்க 75 சதவீத ஓட்டு தேவை என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். ஓட்டெடுப்பை யார் கூட்டலாம், தளம் மட்டுமா, முதலீட்டாளர்களுமா என்பதைத் தேடிப் படியுங்கள்.

மதுரை, ஜவுளிக்கடை உரிமையாளர்: ஐயா, நான் ஒரு மாலில் கடை புக் செய்தேன். கட்டி முடிக்கும்வரை வருடத்துக்கு 12 சதவீதக் கணக்கில் மாதாமாதம் வாடகை உறுதி என்றார் பில்டர். எட்டு மாதமாக நின்றுவிட்டது. இதற்கு செபியில் புகார் கொடுக்கலாமா?

உங்கள் விஷயம் வேறு ஐயா. கட்டி முடிக்காத கடைக்கு வாடகைதாரரே கிடையாது. பில்டர் கொடுத்தது உங்கள் பணத்திலிருந்தோ அடுத்து புக் செய்தவர் பணத்திலிருந்தோதான் வந்திருக்கும். முதலில் அந்தத் திட்டம் கட்டுமானத் திட்டங்களைக் கண்காணிக்கும் தமிழ்நாடு ரெராவில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். வருமான உறுதிமொழி எழுத்தில் எந்த ஆவணத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்து ரெராவா, பொருளாதாரக் குற்றப்பிரிவா என்று வக்கீல் சொல்வார். ரசீதுகளையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் இப்போதே எடுத்து வையுங்கள்.

பெங்களூரு, ஆடிட்டர்: நீங்கள் சொல்வது பழைய ஏற்பாடு. 2024 மார்ச்சில் செபி எஸ்எம் ரீட், அதாவது வாடகைக் கட்டடங்களுக்குப் பணம் திரட்டும் சிறு, நடுத்தர அறக்கட்டளைகளுக்கான விதிகளைக் கொண்டுவந்துவிட்டதே. யூனிட் பங்குச்சந்தையில் பட்டியலாகிறது. வெளியேறும் பிரச்சினை தீர்ந்துவிட்டது அல்லவா?

விதி நல்ல விதி, அதை மறுக்கவில்லை சார். ஒரு திட்டம் 50 கோடியிலிருந்து 500 கோடிக்குள், குறைந்தது 200 யூனிட்தாரர்கள், 95 சதவீதச் சொத்து கட்டி முடித்து வாடகை வருகிறதாக இருக்க வேண்டும், மேலாளருக்கு 20 கோடி நிகர மதிப்பு. பாதி கட்டிய கட்டடத்தைக் காட்டிப் பணம் திரட்ட இதில் இடமில்லை. முதல் திட்டமாக ப்ராப்ஷேர் பிளாட்டினா 2024 டிசம்பரில் பிஎஸ்இ-யில் பட்டியலானது, பெங்களூருவில் ஒரே கட்டடம், 353 கோடி.

ஆனால் குறைந்தபட்ச யூனிட் விலை 10 லட்சம். 353 கோடித் திட்டத்தில் மொத்தம் மூவாயிரத்துச் சொச்சம் யூனிட்தான். ஒரு நாளில் எத்தனை கை மாறும்? அவசரத்துக்கு விற்கிறவர் விலையைக் குறைத்தே ஆக வேண்டும்.

அதே ஆடிட்டர்: குறைத்தாவது விற்க முடிகிறதே. சிசிடி-யில் அதுகூட இல்லை. எத்தனையோ வீடுகள் ஒரு வருடம் விற்காமல் கிடக்கின்றன.

அதை ஒப்புக்கொள்கிறேன். விலை என்ன என்று வெளியில் தெரிவதே பெரிய முன்னேற்றம். ஆனாலும் ஒரே கட்டடம், சில வாடகைதாரர்கள். 500 கோடிக்கு மேற்பட்ட பெரிய ரீட்களில் ஒரே ஒரு யூனிட்டைக்கூட வாங்கலாம், விற்கலாம். அதோடு ஒப்பிட்டால் எஸ்எம் ரீட் சுலபமாகக் காசாகும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இதில் நீங்களும் நானும் ஒத்துப்போக இன்னும் சில திட்டங்கள், இன்னும் சில வருடங்கள் வேண்டும்.

தஞ்சாவூர் ஆசிரியை: அப்போ என்னிடம் பேசியவர் எந்த வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது சார்?

sebi.gov.in தளத்தில் பதிவு பெற்ற எஸ்எம் ரீட்களின் பட்டியல் இருக்கிறது அம்மா, பெயர் அதில் இருக்கிறதா பாருங்கள். இல்லை என்றால் கட்டடத்தை வைத்திருக்கும் கம்பெனியின் பெயரைக் கேட்டு வாங்கி, mca.gov.in-இல் அதன் மேல் வங்கிக் கடன் பதிவாகியிருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். கட்டடம் தமிழ்நாட்டில் என்றால் வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். கடைசியாக, ஏற்கெனவே விற்று முடித்த கட்டடம் ஏதாவது உண்டா, போட்டவர்களுக்குக் கட்டணமும் வரியும் போக எவ்வளவு கைக்கு வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். ஓய்வூதியத்துக்கு மேல் மாதச் செலவுக்கு இந்த 25 லட்சத்தை நம்பியிருக்கிறீர்கள் என்றால், போட வேண்டாம்.