வட்டத்தை எண்ணினால் ஐ/ஓ லிஸ்ட் வராது

கேள்வி: டிப்ளமா முடித்து பேனல் கம்பெனியில் சேர்ந்திருக்கிறேன். பி அண்ட் ஐடி படத்தைக் கொடுத்து பிஎல்சிக்கு ஐ/ஓ லிஸ்ட் போடச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

கையில் ஹைலைட்டரோடு வட்டங்களை எண்ணிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். என் முதல் வேலையில் நானும் அதைத்தான் செய்தேன். ஒரு பாய்லர் ஹவுஸ் வேலை அது. பேனல் சைட்டுக்குப் போய் கேபிள் இழுக்கும்போதுதான் 42 டிஜிட்டல் இன்புட் குறைகிறது என்று தெரிந்தது. 16 சேனல் கார்டு 3 வேண்டும், ரேக்கில் இடமே இல்லை. எப்படிக் குறைந்தது என்பதை அங்கிருந்த ஒரு டேங்கை மட்டும் வைத்துச் சொல்கிறேன்.

பாய்லருக்குத் தண்ணீர் தரும் ஃபீட் டேங்க். படத்தில் LT-101, அதிலிருந்து கோடு LIC-101க்கு, அங்கிருந்து LY-101, கடைசியில் LV-101 வால்வு. நாலு பெயர் இருந்தாலும் இது ஒரே லூப். LT லெவலை அளந்து 4-20 mA அனுப்புகிறது, அது ஓர் அனலாக் இன்புட். LIC சதுரத்துக்குள் வட்டமாக இருக்கிறது, அதாவது நம் புரோகிராமுக்குள் ஓடும் கன்ட்ரோலர். அதற்குத் தனியாக ஒயர் கிடையாது. LY மின்சார சிக்னலைக் காற்றழுத்தமாக மாற்றும் ஐ/பி கன்வர்ட்டர். LICக்கும் LYக்கும் நடுவே விட்டுவிட்டுப் போகும் கோடு, அது மின்சாரம். LYக்கு அப்புறம் கோட்டின் மேல் இரண்டிரண்டு சாய்வுக் கீறல்கள், அது காற்று. ஆக அனலாக் அவுட்புட் ஒன்றுதான். சூடாக்கும் ஸ்டீமுக்கான TT-102, TV-102 லூப்பும் இதே கணக்கு. PG-103 வெறும் கேஜ், கணக்கில் வராது.

நான் சறுக்கியது டிஜிட்டலில். லெவல் ரொம்ப இறங்கினால் சொல்லும் LSLL-101, ரொம்ப ஏறினால் சொல்லும் LSHH-101 என்ற இரண்டு ஸ்விட்சுக்கு இரண்டு இன்புட், இரண்டு பம்ப் ஓடுகிறதா என்று பார்க்க இரண்டு, மொத்தம் 4 என்று எழுதினேன். உண்மையில் வேண்டியது 10. ஒவ்வொரு பம்புக்கும் ஓடுகிறது, ட்ரிப், ரிமோட்டில் இருக்கிறது என்று மூன்று சிக்னல், மோட்டார்களுக்கு மின்சாரம் தரும் எம்சிசி பேனலிலிருந்து வரும். படத்தில் பம்ப் பக்கத்தில் 'M' எழுதிய வட்டம் மட்டும்தான் இருக்கும். மீதி, மோட்டாருக்கான டிபிக்கல் வயரிங் டிராயிங்கில் இருக்கும். அதுபோல XV-101 என்ற ஆன்-ஆஃப் வால்வுக்கு சோலனாய்டுக்கு ஓர் அவுட்புட், திறந்ததா மூடியதா என்று சொல்ல ZSO, ZSC என இரண்டு இன்புட். அந்த ஆலையில் 12 பம்ப், 9 ஆன்-ஆஃப் வால்வு. பம்புக்கு இரண்டு, வால்வுக்கு இரண்டு என்று விட்டதில் 24-ம் 18-ம் சேர்ந்து 42.

பெரிய ரிஃபைனரி வேலைகளில் மென்பொருளே லிஸ்ட் எடுத்துத் தரும், இதெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பிடிஎஃப் மட்டும் கையில் கிடைக்கும் சின்ன வேலைகளைப் பற்றித்தான் பேசுகிறேன். அதிலும் A1 அளவில் வரைந்த படத்தை A4இல் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பார்கள். காற்றுக் கோடா மின்சாரக் கோடா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துத் தப்பு செய்தால், பழி லிஸ்ட் போட்டவன் மேல். பெரிய தாளுக்குச் செலவாகும் என்றார்கள். அந்த மூன்று கார்டுக்கும் புது ரேக்குக்கும் ஆன செலவை யாரும் பேசவில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் லெஜண்ட் ஷீட்டைப் படியுங்கள். சதுரத்துக்குள் வைரக் குறி பழைய படங்களில் பிஎல்சி என்று பொருள். ISA-5.1இன் 2009 பதிப்பில் அதே குறி பாதுகாப்பு சிஸ்டத்தையும் குறிக்கும். உங்கள் படம் எதைப் பின்பற்றுகிறது என்பது அந்த ஷீட்டில்தான் தெரியும்.

அப்புறம் வால்வுக்குக் கீழே சின்னதாக FO, FC என்று எழுதியிருப்பதை விட்டுவிடாதீர்கள். எங்கள் LV-101, FO. காற்று போனால் திறந்துகொள்ளும், 4 mAஇல் முழுசாகத் திறந்து 20 mAஇல் மூடும். நான் அதைப் பார்க்காமல் TV-102 போலவே நேராகப் போட்டுவிட்டேன். லெவல் இறங்க இறங்க கன்ட்ரோலர் அவுட்புட்டை ஏற்றியது, வால்வு மூடிக்கொண்டே போனது. ஸ்கிரீனில் 80% திறப்பு என்று காட்டியது, வால்வு ஸ்டெம்மின் அளவுகோலோ 20%இல் நின்றது. LSLL பம்பை நிறுத்தியதால் பம்ப் தப்பித்தது. புரோகிராமில் அவுட்புட்டைத் திருப்பிப் போட ஒரு வரி போதும்:

```
AO_LV101 := 100.0 - LIC101_OUT;
```

இப்போது என் லிஸ்டில் டேக் நம்பருக்கு அடுத்த நெடுவரிசையே ஃபெயில் பொசிஷன்தான். அது காலியாக இருக்கிற வரை எந்த வால்வுக்கும் சேனல் ஒதுக்குவதில்லை.