ஏதுப்போலி பயிலரங்கு: அறிவிப்பைப் பார்த்தவர்கள் கேட்டவை

மதுரையில் எங்கள் கல்லூரித் தருக்க மன்றம் ஒட்டிய அறிவிப்பு: “விளம்பரங்களில் ஏதுப்போலி கண்டுபிடிக்கும் பயிலரங்கு. ஆளுக்கொரு விளம்பரம் கொண்டு வரவும்.” வந்த கேள்விகளுக்கு மன்றத்தின் மூத்த உறுப்பினரான தத்துவ முதுகலை மாணவி பதில் சொல்கிறார்.

அக்கா, ஏதுப்போலி என்றால் பொய் விளம்பரமா?

இல்லை. ஏது என்றால் காரணம். காரணம் போலத் தோன்றி, முடிவை நிறுவாமல் போவது ஏதுப்போலி. சொன்னது உண்மையாக இருக்கும்போதுதான் எங்களுக்கு வேலை. எண்ணெய் பாட்டிலில் “கொலஸ்ட்ரால் இல்லை” என்று அச்சிட்டு, பக்கத்தில் ஓர் இதயத்தை வரைந்திருப்பார்கள். எழுத்து உண்மை. ஆனால் தாவர எண்ணெய் எதிலுமே சொல்லத்தக்க அளவு கொலஸ்ட்ரால் கிடையாது. தேங்காய் எண்ணெயிலும் இல்லை. அதன் பெரும்பகுதியோ ரத்தத்தில் கொலஸ்ட்ராலை ஏற்றக்கூடிய நிறைவுற்ற கொழுப்பு. ஆக, “இதயத்துக்கு நல்லது” என்பதற்குக் காட்டிய காரணம் எல்லா எண்ணெய்க்கும் பொருந்திவிடுகிறது.

மணிமேகலையின் 29ஆம் காதை இதைச் ‘சாதாரணம்’ என்கிறது. ஒலி நிலையற்றது, ஏனென்றால் அது அறியப்படுகிறது என்று ஒருவர் வாதிட்டால், நிலையற்ற குடமும் அறியப்படுகிறது, நிலையான ஆகாயமும் அறியப்படுகிறது. இரு பக்கமும் நிற்கும் காரணம் எதையும் நிறுவாது. பாடியவர் மதுரைக் கூலவாணிகன் என்பார்கள். சரக்கு விற்கும் பேச்சு அவருக்குப் புதிதாக இருந்திருக்காது.

சோதனை எளிது. விளம்பரம் சொல்லும் காரணத்தைப் போட்டிச் சரக்கின் மேல் ஒட்டிப் பாருங்கள். அங்கும் பொருந்தினால், இதை வாங்க அது காரணமில்லை.

நடிகர் வந்து பரிந்துரைக்கிறார். அதுவே போலி. ஆகவே அந்த எண்ணெய் மட்டம், சரிதானே?

முதல் பாதி சரி. நடிப்புத் திறமை எண்ணெயைப் பற்றிய சான்று ஆகாது. ஆனால் காரணம் ஓட்டை என்பதால் சரக்கும் ஓட்டை என்று முடிவு கட்டினால், நீங்களும் ஒரு போலியைச் செய்துவிடுகிறீர்கள். எண்ணெய் நல்லதாகவே இருக்கலாம். இந்த விளம்பரம் அதைக் காட்டவில்லை, அவ்வளவுதான்.

உசிலம்பட்டிப் பக்கம் அப்பா செக்கு வைத்திருக்கிறார். எங்கள் பலகையிலும் “கொலஸ்ட்ரால் இல்லாதது” என்று இருக்கிறது. அழித்துவிடலாமா?

பக்கத்தில் யார் விற்கிறார்கள் என்று பாருங்கள். நெய்க்கடை என்றால் அந்த வரி உண்மையான வேறுபாட்டைச் சொல்கிறது, ஏனென்றால் நெய்யில் கொலஸ்ட்ரால் உண்டு. அடுத்த கடையும் எண்ணெய்க்கடை என்றால் அந்த வரி ஒன்றும் சொல்லவில்லை. நானாக இருந்தால் ஆட்டிய தேதியை எழுதுவேன். அது கடைக்குக் கடை மாறும். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

எண்ணெய் கொண்டு வந்தால் கலப்படம் பார்த்துச் சொல்வீர்களா?

மாட்டோம். பாட்டிலை வீட்டிலேயே வைத்துவிட்டு, மேலே ஒட்டிய தாளை மட்டும் கொண்டு வாருங்கள்.

ஒரு சொல்லும் இல்லாத விளம்பரம் இருக்கிறதே. பாட்டி தோசை சுடுகிறார், குடும்பம் சிரிக்கிறது. ஏது எங்கே?

இதில் மன்றமே இரண்டாகப் பிரிந்திருக்கிறது. வாதமே இல்லாத இடத்தில் போலி எப்படி வரும் என்பது ஒரு கட்சி. சொல்லாமல் விட்ட வாதத்தைப் பார்ப்பவரே முடித்துக்கொள்கிறார் என்பது என் கட்சி. ஆனால் அவர் என்னவென்று முடித்துக்கொண்டார் என்பதை நான் எப்படி அறிவேன் என்று எதிர்க்கட்சி கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்த விளம்பரத்தையே கொண்டு வாருங்கள்.