மாத்திரையா கர்ப்பமா, ரத்தக்கட்டி ரிஸ்க் எதுல ஜாஸ்தி?

"டிராஸ்பைரினோன் கலந்த கருத்தடை மாத்திரைல ரத்தக்கட்டி ரிஸ்க் டபுள்னு சொல்றாங்க, ரெண்டு வருஷமா போடறேன், நிறுத்திடவா?"

டபுள்ங்கறத விடுங்க, எத்தன பேருக்குன்னு பாருங்க. மாத்திரையும் போடாம கர்ப்பமும் இல்லாத 10,000 பெண்கள்ல வருஷத்துக்கு சுமார் 2 பேருக்கு கால்லயோ நுரையீரல்லயோ கட்டி வருது, லெவோநார்ஜெஸ்ட்ரல் கலந்த இன்னொரு வகை கருத்தடை மாத்திரைன்னா 5-7 பேர், உங்களோடதுன்னா 9-12, அதாவது லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையோட ஒப்பிட்டா கூடுறது ஒரு அஞ்சு பேர் தான். கர்ப்பத்துல 5-20, பிரசவமான முதல் 12 வாரத்துல அதே வருஷக் கணக்குல 40-65 வரைக்கும் ஏறிடுது, இத யாரும் சொல்லாம மாத்திரைய மட்டும் பயமுறுத்தறது எனக்கு ரொம்ப வருத்தம்.

இன்னொன்னு, ரிஸ்க் முதல் வருஷத்துல தான் அதிகம், நிறுத்தி ஒரு மாசம் கழிச்சு திரும்ப ஆரம்பிச்சா மறுபடி ஏறும், அதனால பயத்துல பாதில விடாதீங்க. வீட்ல யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருந்தா மட்டும் கணக்கே வேற, டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சாலோ திடீர்னு மூச்சு வாங்கினாலோ உடனே எமர்ஜென்சிக்கு போங்க.