எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அட்மின் மட்டும் செய்தி போடும்படி மாற்றலாமா? மாற்றினால் பிரச்சினை வருமா?

மாற்றுங்கள். ஆனால் மாற்றும் அன்றே, எல்லோரும் பேசுவதற்கென்று தனியாக இன்னொரு குழுவையும் திறந்துவிடுங்கள். அதைச் செய்யாமல் விட்டு ஒரு மாதம் திண்டாடினேன் நான்.

எங்களுடையது 84 வீடுகள். தொட்டி கழுவப்போகிறோம், காலையில் தண்ணீர் வராது என்று முந்தைய இரவே போட்டிருந்தேன். அதன் கீழே ‘நன்றி’, ‘ஓகே’, கும்பிடும் கைகள், நடுவில் ஒரு பார்க்கிங் தகராறு. காலையில் நாலாவது மாடிப் பெரியவர் வாளியோடு வந்து நின்றார். “எங்கப்பா போட்டே, எனக்குத் தெரியலையே?” என்று போனை நீட்டினார். எனக்கே தள்ளித் தள்ளித் தேடத்தான் வேண்டியிருந்தது. அன்றே Group permissions-க்குள் போய், உறுப்பினர்கள் செய்தி அனுப்பும் வசதியை நிறுத்தினேன்.

குழு அமைதியானது, கேள்விகள் நிற்கவில்லை. பூட்டிய குழுவில் எழுதும் இடத்தில், அட்மின்கள் மட்டுமே அனுப்பலாம் என்று ஒரு வரி இருக்கும். அதிலுள்ள அட்மின் என்ற சொல்லைத் தொட்டால் நமக்கே தனியாக எழுதலாம். “எத்தனை மணி வரை?” என்று இருபது பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். இரண்டாவது குழு வந்த பிறகுதான் ஒரு பதில் எல்லோருக்கும் போதுமானதாயிற்று. அறிவிப்பிலேயே எந்த பிளாக், எப்போதிலிருந்து எப்போது வரை, யாரைக் கூப்பிடுவது என்று எழுதவும் பழகிக்கொண்டேன்.

இன்னொன்றில் கவனமாக இருங்கள். ஒருமுறை லிஃப்ட் நிற்கும் நேரத்தைத் தவறாகப் போட்டு, உடனே திருத்தினேன். அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம்தான், ஆனால் அதற்குப் புதிதாக மணி அடிக்காது. முதலில் பார்த்தவர்கள் பழைய நேரத்தையே நம்பியிருந்தார்கள். இப்போது பழையதை அழித்துவிட்டு, ‘திருத்தம்’ என்று தொடங்கி புதிதாகவே போடுகிறேன்.

யார் பார்த்தார்கள் என்று தெரிய ‘ஓகே’ தேவையில்லை. செய்தியை அழுத்திப் பிடித்து Info பார்த்தால் படித்தவர்கள் ஒரு பட்டியலிலும், போய்ச் சேர்ந்தும் படிக்காதவர்கள் இன்னொன்றிலும் இருப்பார்கள். நீல டிக்கை நிறுத்தி வைத்தவர்களும் குழுச் செய்தியில் அகப்பட்டுவிடுவார்கள். தண்ணீர், மின்சாரம் மாதிரி விஷயமென்றால், படிக்காத வீடுகளுக்கு மட்டும் இரவே போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன். ஆள் கணக்கு வேண்டுமானால் வாக்கெடுப்பு போடலாம், பூட்டிய குழுவிலும் எல்லோரும் வாக்களிக்க முடியும்.

இதே கேள்வியைப் பள்ளிக் குழுவுக்காகக் கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பூட்டினாலும் பெற்றோரின் எண்கள் ஒருவருக்கொருவர் தெரிந்துகொண்டேதான் இருக்கும். அதை மறைக்க வேண்டுமென்றால், வாட்ஸ்அப்பிலேயே பல குழுக்களை ஒன்றாகச் சேர்க்கும் கம்யூனிட்டி ஒன்றைத் தொடங்கி, அதன் அறிவிப்புக் குழுவில் போடுங்கள். அங்கே சாதாரண உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது.