சிறப்பாசிரியர் ரெஸ்யூமில் ஆர்.சி.ஐ. பதிவும் ஐ.இ.பி. அனுபவமும்

"ரெஸ்யூமில் 'பி.எட். சிறப்புக் கல்வி (செவித்திறன் குறைபாடு), ஆர்.சி.ஐ. பதிவு பெற்றவர், 4 ஆண்டுகள் ஐ.இ.பி. பணிகளில் உதவி' என்று இருக்கிறது. எங்கள் பள்ளிக்கு இரண்டும் கட்டாயம். நேர்காணலுக்கு அழைக்கலாமா?"

அழைக்கலாம், ஆனால் அதற்குமுன் இரண்டு தாள்களைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்று, இந்திய மறுவாழ்வு மன்றமான ஆர்.சி.ஐ. தரும் பதிவுச் சான்றிதழ். ரெஸ்யூமில் அந்தப் பதிவுக்கான சி.ஆர்.ஆர். எண் இல்லையே, அதுதான் எனக்கு முதலில் உறுத்துகிறது. பதிவை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஆகவே சான்றிதழில் கடைசித் தேதியைப் பாருங்கள். தேதி முடிந்திருந்தால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள், புதுப்பிக்க விண்ணப்பித்த ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். அப்புறம், இவர் படித்தது செவித்திறன் குறைபாடு. உங்கள் பிள்ளைகளில் ஆட்டிசம், கற்றல் குறைபாடு உள்ளவர்கள்தான் அதிகம் என்றால், பதிவு சரியாக இருந்தும் ஆள் பொருந்தாமல் போகலாம்.

இரண்டாவது, அவரே எழுதிய ஒரு ஐ.இ.பி., அதாவது ஒரு பிள்ளைக்கென்றே எழுதும் தனிக் கல்வித் திட்டம், பிள்ளையின் பெயரையும் அடையாளங்களையும் மறைத்து. 'உதவி' என்றால் வகுப்பில் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்ததாகவும் இருக்கலாம். திட்டத்தில் இலக்கு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 'வாசிப்பு மேம்படும்' என்பது எதற்கும் உதவாது. 'இப்போது 10 சொற்களில் 3 வாசிக்கிறான். மூன்று மாதத்தில் துணையின்றி 8 வாசிப்பான்' என்று இருந்தால் எழுதத் தெரிந்தவர். மூன்று மாதம் கழித்து என்ன ஆயிற்று என்ற மறுஆய்வுக் குறிப்பும் பெற்றோர் கையெழுத்தும் அதிலேயே இருக்க வேண்டும்.

மாதிரி தர முடியாது, முந்தைய பள்ளி அனுமதிக்காது என்றால் அது நியாயம்தான். நேர்காணலில் ஒரு பிள்ளையின் விவரம் கொடுத்து, அரை மணி நேரத்தில் இரண்டு இலக்கு எழுதச் சொல்லுங்கள்.